ஐந்தாம் அடியில் நிற்கும் குழந்தை



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. நான்காம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் மார்கழியில் நடக்கும் திருப்பாவை ஒப்பித்தல் போட்டிக்குத் தயாராகிறாள். முதல் மூன்று பாசுரங்கள் மளமளவென்று வந்துவிட்டன. நான்காவதில் மட்டும் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறாளாம். "நாலு அடி சொல்கிறாள், அப்புறம் பேந்தப் பேந்த விழிக்கிறாள். அதட்டினால் இரண்டாம் அடிக்கே திரும்பிப் போய்விடுகிறாள். முப்பதையும் எப்படி முடிப்பாள் மேடம்?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்ததும் புத்தகத்தை எடுத்து அந்த நான்காம் பாசுரத்தைப் பார்த்தேன். குழந்தை நிற்கும் இடம் சரியான இடம்தான். யாராக இருந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கும். அவள் நினைவில் குறையில்லை, பாட்டை வெட்டிய இடத்தில்தான் குறை. அன்று மாலையே கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சையும், அதற்குப் பிறகு யோசித்தவற்றையும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். இன்னும் பல வீடுகளில் மார்கழிக்கான பாடம் நடந்துகொண்டிருக்கும் நேரம் இது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். திருப்பாவையில் 30 பாசுரங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு அடி, ஒவ்வோர் அடியிலும் நான்கு சீர். ஆக 240 அடி, 960 சீர். ஒரு குழந்தையின் முன்னால் 960 சீர்களைக் கொட்டி "மனப்பாடம் பண்ணு" என்றால் அது மலைக்கத்தான் செய்யும். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. ஒரு நேரத்தில் மனம் ஏந்தி நிற்கக்கூடியது ஏழு உருப்படி, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார் அவர். அதில் அழகான செய்தி என்னவென்றால், அந்த உருப்படி ஓர் எழுத்தாகவும் இருக்கலாம், ஒரு சொல்லாகவும் இருக்கலாம், பல சொற்கள் பொருளால் கூடி ஒன்றான ஒரு கட்டாகவும் இருக்கலாம். நம் வீட்டில் குழந்தைக்குச் சாதத்தை உருட்டி உருட்டிக் கொடுக்கிறோமே, அதுதான் இது. பருக்கையை எண்ணி யாரும் ஊட்டுவதில்லை. கவளத்தைத்தான் எண்ணுகிறோம். இந்தப் பக்கத்தில் நானும் கவளம் என்றே சொல்கிறேன்.

கவளம் எங்கே முடிய வேண்டும்? நம் வீடுகளில் எட்டு அடிப் பாட்டு என்றால் நாலும் நாலுமாகப் பிரிப்பதுதான் வழக்கம். சில புத்தகங்களிலும் நாலடிக்குப் பிறகு சற்று இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தத் தாயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரும்பாலான பாசுரங்களில் அது தாங்கும். நான்காவதில் தாங்காது.

அந்தப் பாசுரம் மழையைக் கூப்பிடும் பாட்டு. ஆண்டாள் அதில் ஒரு மேகத்தின் பயணத்தைச் சொல்கிறாள். முதல் அடியில் மழைக்கு உரியவனை அழைத்து, எதையும் ஒளித்து வைத்துக்கொள்ளாதே என்கிறாள். இரண்டாவதில் மேகம் கடலுக்குள் புகுந்து, நீரை முகந்து, ஆரவாரத்தோடு மேலே ஏறுகிறது. மூன்றாவதில் அதன் உடம்பு திருமாலின் திருமேனிபோல் கறுக்கிறது. நான்காவதில் அகன்ற தோளுடைய பத்மநாபனின் கை வருகிறது. அந்தக் கையில் என்ன இருக்கிறது என்பது ஐந்தாம் அடியில்தான் வருகிறது. சக்கரம்! அந்தச் சக்கரம்போல் மின்னி, வலம்புரிச் சங்குபோல் முழங்கி, ஆறாம் அடியில் சார்ங்கம் என்ற வில் விடும் அம்புபோல் சரமாரியாகப் பொழிய வேண்டும். ஏழாவதில் உலகம் வாழப் பெய்யச் சொல்கிறாள். கடைசி அடியில் தோழிகள் மகிழ்ந்து நீராடுகிறார்கள்.

நான்காம் அடியின் கடைசிச் சொல் "கையில்". அங்கே வெட்டினால் என்ன ஆகும்? வாக்கியம் பாதியில் தொங்குகிறது. கை ஒரு கவளத்திலும், அந்தக் கையில் உள்ள சக்கரம் அடுத்த கவளத்திலும் போய் விழுகின்றன. குழந்தை நாலடி சொல்லி மூச்சு விடுகிறாள். மூச்சு விட்டதும் பொருள் அறுந்துபோகிறது.

இன்னொரு சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஐந்தாம் அடி "ஆழி" என்ற சொல்லில் தொடங்குகிறது. இரண்டாம் அடியும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது. முதல் அடியும் அப்படியே. ஒரே சொல் மூன்று அடிகளின் தலையில் நிற்கிறது. இரண்டாவதில் அதற்குக் கடல் என்று பொருள், ஐந்தாவதில் சக்கரம். பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு வரும் குழந்தைக்கு அந்தச் சொல் மூன்று பாதைகள் பிரியும் சந்தி. அதட்டியதும் பழகிய பாதையில், அதாவது இரண்டாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள்.

போனில் குழந்தையிடம் கேட்டேன். "கண்ணு, அந்த மேகம் எங்கேயெல்லாம் போகுதுன்னு சொல்லு பாப்போம்."

"மேகமா? எந்த மேகம் பாட்டி?" என்றாள்.

அவளுக்கு மேகம் இருப்பதே தெரியாது. அவள் இதுவரை சொன்னது ஒலிகளின் வரிசை மட்டும்தான். அதனால் முதலில் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மேகத்தின் கதையைச் சொன்னேன். குனிந்து கடலைக் கையால் அள்ளச் சொன்னேன். கையை மெதுவாக உயர்த்தி எழுந்து நிற்கச் சொன்னேன். "இப்ப நீ கறுப்பா ஆயிட்டே. பெருமாளுக்கு வலது கையில என்ன இருக்கும்?" "சக்கரம்." "இடது கையில?" "சங்கு." "சக்கரம் மின்னுது, சங்கு முழங்குது. அப்புறம்?" "மழை!" என்று கத்தினாள். "மழைக்கு முன்னாடி வில்லு ஒண்ணு இருக்கு" என்றேன்.

பெருமாள் சிலையில் மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு. ஐந்தாம் அடியில் அவை அதே வரிசையில்தான் வருகின்றன, மின்னல் முதலில், இடி பிறகு. வானத்திலும் அப்படித்தான். மின்னிய பிறகுதான் இடி கேட்கிறது, பிறகு மழை கொட்டுகிறது. மின்னலையும் இடியையும் யாராலும் மாற்றிச் சொல்ல முடியாது, ஏனென்றால் இயற்கையில் அவற்றுக்கு வேறு வரிசை கிடையாது.

பிறகு அந்த எட்டு அடியைப் புதிதாக உருட்டினோம். முதல் கவளம் ஓர் அடி மட்டும், அழைப்பு. இரண்டாவது கவளம் இரண்டு அடி, மேகம் ஏறுவது. மூன்றாவது கவளம் மூன்று அடி, கையும் சக்கரமும் சங்கும் வில்லும். நான்காவது கவளம் இரண்டு அடி, மண்ணில் மழையும் நீராட்டமும். ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு. பார்க்கச் சமமாக இல்லைதான். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி முழுமையாக இருக்கிறது, அதுதான் வேண்டும். மூன்றாவது கவளத்தை ஒரே மூச்சில் சொல்ல அவளால் முடியவில்லை. மூச்சு விடுவதானால் ஐந்தாம் அடியின் நடுவில், சக்கரத்துக்கும் சங்குக்கும் இடையில் விடு, நான்காம் அடியின் முடிவில் மட்டும் விடாதே என்றேன்.

காட்சியைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காட்சி கொண்டுவந்து கொடுப்பது பொருளைத்தான். கடல் கண்ணில் தெரிகிறது, வாயில் "கடல்" என்றே வந்துவிடுகிறது. பாட்டில் இருப்பதோ "ஆழி". ஒப்பித்தலில் பெரியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகை. பொருள் மாறுவதில்லை, சொல் மாறிவிடுகிறது. கேட்பவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை. இங்கேதான் எதுகை காவலுக்கு வருகிறது.

அந்தப் பாசுரத்தின் முதல் ஏழு அடிகளிலும் இரண்டாம் எழுத்தில் ழகரம் இருக்கிறது. எட்டாவது அடியில்தான் மாறுகிறது. பாசுரம் முழுவதும் எண்ணினால் பதினொரு இடத்தில் ழகர ஒலி. "கடல்" என்று தொடங்கினால் இரண்டாம் எழுத்து டகரம். ஒரு தடவை எதுகையைக் காதால் கேட்டுப் பழகிய குழந்தைக்கு அது உடனே உறுத்தும், சாதத்தில் கல் கடிபட்டதுபோல.

இதை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். காட்டு விலங்கு ஒன்று சொல் என்று யாரிடமாவது கேளுங்கள். யானை, சிங்கம், கரடி, மான் என்று எதுவும் வரலாம். "லி" என்று முடியும் இரண்டெழுத்துச் சொல் ஒன்று சொல் என்றாலும் ஒலி, வலி, தாலி, கூலி என்று எதுவும் வரலாம். காட்டு விலங்கு, லியில் முடிய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். யோசிக்காமல் புலி என்பார்கள். பொருள் மட்டும் என்றால் பத்து விடை, ஒலி மட்டும் என்றால் இருபது விடை, இரண்டும் கூடினால் ஒரே விடை. நம் பழைய பாட்டுகள் ஒவ்வோர் அடியின் வாசலிலும் இந்த இரண்டு பூட்டையும் சேர்த்தே போட்டு வைத்திருக்கின்றன. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "அடுத்து என்ன வரும்?" என்று காட்சியைக் கேளுங்கள், "இரண்டாம் எழுத்து என்ன?" என்று எதுகையையும் கேளுங்கள். சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளாக எடுத்த சொல்தான் அவளிடம் தங்கும்.

தாளத்தைப் பற்றியும் ஒன்று. அடிக்கு நான்கு சீர் என்று சொன்னேன் அல்லவா? சொல்லும்போது கட்டைவிரலால் ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்களைத் தொட்டுக்கொண்டே போகலாம். சுண்டுவிரலுக்கு வருமுன் அடி முடிந்துவிட்டால் ஒரு சீர் விழுந்துவிட்டது. சுண்டுவிரலையும் தாண்டினால் எங்கோ ஒன்று சொந்தமாகச் சேர்ந்துவிட்டது. புத்தகம் பார்க்காமலே தெரிந்துவிடும்.

இசையோடு கற்ற குழந்தைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்துக் கொடுத்தார். எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை வீடுவீடாகப் போயின. மழைப் பாசுரத்தை வராளியில் கேட்டவர்களுக்கு வேறு ராகத்தில் அதை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். ஆனால் ஒப்பித்தல் போட்டியில் பாடக் கூடாது, சொல்ல வேண்டும். பாட்டாக மட்டுமே தெரிந்த குழந்தையிடம் ராகத்தை எடுத்துவிட்டால் சொற்களும் கூடவே போய்விடுகின்றன. ராகத்தின் நீட்டல்கள் சீரின் எல்லையில் விழ வேண்டும் என்பதில்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்தது நீட்டலை. ஆகவே முதலில் விரல் எண்ணிக்கையோடு வெறும் சொல்லாகப் பழக்குங்கள். ராகம் பிறகு வரட்டும்.

இனி, பாசுரத்துக்கும் பாசுரத்துக்கும் இடையே இருக்கும் ஒட்டுப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பாசுரத்தைத் தனியாகக் கேட்டால் கடகடவென்று சொல்லும் குழந்தைகள்கூட முப்பதையும் தொடர்ந்து சொல்லும்போது விழுவது இங்கேதான். காரணம் நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. முப்பது பாசுரங்களும் கிட்டத்தட்ட ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு தடவையும் அந்த முடிவைச் சொன்னதும் அடுத்து எந்தப் பாசுரமும் வரலாம் என்ற நிலை. முடிவு அடுத்ததற்குக் கை காட்டுவதில்லை.

அபிராமி அந்தாதி இதற்கு நேர் எதிர். நூறு பாட்டிலும் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லோ சொல்லின் பகுதியோ அடுத்த பாட்டின் முதலாக வரும். நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து கோத்துக்கொள்கிறது. அங்கே ஒட்டை ஆசிரியரே போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் உள்ள குறை என்னவென்றால், சங்கிலியாகவே கற்றவரிடம் அறுபதாம் பாட்டைக் கேட்டால் எங்கோ முன்னாலிருந்து ஓடிவந்துதான் தொட வேண்டியிருக்கும்.

திருப்பாவைக்கு ஒட்டை நாம்தான் போட வேண்டும். ஒரு பாசுரத்தின் ஏழாம், எட்டாம் அடிகளையும் அடுத்த பாசுரத்தின் முதல் அடியையும் சேர்த்து ஒரு தனிக் கவளமாக வைத்துக்கொண்டு, அந்த மூன்று அடியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பாசுரத்தைப் பத்துத் தடவை சொன்னால் ஒட்டையும் பத்துத் தடவை சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு காட்சி வேண்டும். நான்காவது நீராட்டத்தில் முடிகிறது, ஐந்தாவது தொடங்கிய உடனே யமுனைத் துறை வருகிறது. தண்ணீரிலிருந்து தண்ணீருக்குப் போகிறோம். ஐந்தாவதின் முடிவில் தீயில் விழுந்த பஞ்சு, ஆறாவதின் தொடக்கத்தில் பறவைகள். தீ அணைந்தது, பொழுது விடிந்தது, பறவை கூவுகிறது என்று நான் வைத்துக்கொண்டேன். நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். நூலுக்கு அது உரையாக நிற்க வேண்டியதில்லை, உங்களுக்கு அடுத்த அடியைக் காட்டினால் போதும்.

ஆறிலிருந்து பதினைந்து வரையுள்ள பத்துப் பாசுரங்கள்தான் இந்த நூலின் கடினமான பகுதி. பத்திலும் ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே தூங்கும் ஒரு பெண்ணை எழுப்புகிறார்கள். பலவற்றில் விடியலின் அடையாளங்கள், பலவற்றில் செல்லக் கோபம். ஒன்று இன்னொன்றுபோல் இருப்பதால் எது எங்கே என்று குழம்பிவிடும். ஆனால் ஆண்டாள் அவற்றைத் தெருவில் வரிசையாக வீடுகளாகத்தானே வைத்திருக்கிறாள்? நாமும் அப்படியே நடந்து போகலாம். ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஒரு பொருளை வைத்தால் போதும். ஆறாவது பாசுரத்தின் வீட்டில் பறவைகள். ஏழாவது வீட்டில் தயிர் கடையும் ஓசை. எட்டாவதில் கிழக்கு வெளுத்து, எருமைகள் மேயப் புறப்பட்டுவிட்டன. ஒன்பதாவதில் மாடம் முழுக்க விளக்கு. பத்தாவதில் கும்பகர்ணன். பதினொன்றில் மயில். பன்னிரண்டாவது வீட்டில் எருமையின் பால் தானாகச் சொரிந்து வாசலெல்லாம் சேறு, கால் வைக்க இடமில்லை. பதின்மூன்றில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த வானம். பதினான்கில் புழைக்கடைக் குளம். பதினைந்தில் கிளி, அதுவும் பதிலுக்குப் பதில் பேசும் கிளி. எருமை எட்டிலும் பன்னிரண்டிலும் வருவதால், எட்டில் மேய்ச்சல், பன்னிரண்டில் சேறு என்று பிரித்து வைக்க வேண்டும்.

தெரு முடிந்ததும் பதினாறில் மாளிகை வாசல், காவல்காரன். பதினேழில் உள்ளே நந்தகோபன், யசோதை, கண்ணன், பலதேவன். பதினெட்டு முதல் இருபது வரை நப்பின்னையின் அறை. இருபத்துமூன்றில் சிங்கம்போல் அவன் எழுந்து வருகிறான். தெரு, வாசல், கூடம், அறை என்று இந்த நூலே ஒரு வீட்டுக்குள் நடந்து போகும் நூல். வெளியிலிருந்து வேறு வழி தேட வேண்டியதே இல்லை.

இந்தத் தெருவில் எதுகையும் நம்மைக் கைவிடும் ஓர் இடம் உண்டு. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு கோயில் மண்டபத்தில் போட்டி. பன்னிரண்டு பாசுரம் தட்டாமல் சொல்லிவிட்டேன். பதின்மூன்றாவதும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அதன் ஐந்தாம் அடியில் பறவைகள் கூவிவிட்டன என்று வரும். அதைச் சொன்னேன், தொடர்ந்து பறவையரசனின் கோயிலுக்குப் போனேன், வெண்சங்கு ஊதினேன், ஆறாம் பாசுரத்தை முழுதாக முடித்து, ஏழாவதில் தயிர் கடையத் தொடங்கியபோதுதான் நடுவர் கையை உயர்த்தினார். எனக்கு எதுவுமே தப்பாகத் தெரியவில்லை. அன்று இரவு வெகுநேரம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் சின்னப் பாட்டி இரண்டு பாசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். பறவைகள் கூவும் அந்த இரண்டு சீர்கள் ஆறாவதின் தொடக்கத்திலும் பதின்மூன்றாவதின் ஐந்தாம் அடியிலும் எழுத்து மாறாமல் அப்படியே வருகின்றன. இரண்டு பாசுரத்திலும் எதுகை ளகரம். எதுகைக் காவலாளி இரண்டு வழியையும் சரி என்றே விட்டுவிடுவான். பிரிவது மூன்றாவது சீரில்தான். ஆறில் கோயில் வருகிறது, பதின்மூன்றில் தூங்கும் பெண்ணின் பூப்போன்ற கண் வருகிறது. "வானத்துல வெள்ளியைப் பாத்துட்டு வந்தியா? அப்ப பறவை கோயிலுக்குப் போகாது, பொண்ணோட கண்ணைத்தான் பாக்கும்" என்றார் பாட்டி. வெள்ளி பார்த்த பறவை, கண் பார்க்கும். இன்றுவரை அந்த அடி வரும்போது எனக்கு அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து ஒரு பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இப்படிப்பட்ட இரட்டை இடங்களை முதலிலேயே தேடிப் பிடித்து, இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். தனித்தனி நாளில் எத்தனை தடவை படித்தாலும் அந்தச் சந்தி தெரியவே தெரியாது.

எத்தனை நாள் ஆகும் என்று அந்தத் தாய் கேட்டார். இரண்டு நாளுக்கு ஒரு பாசுரம் என்றால் இரண்டு மாதம். முதல் நாள் மாலை காட்சியும் கவளமும். மறுநாள் காலை, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், நினைவிலிருந்து ஒரு தடவை. தடுமாறினாலும் பரவாயில்லை, அரை நிமிடமாவது தானாகத் தேடட்டும். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருபது தடவை வாசிப்பதைவிட, மூடிவைத்துத் தேடி எடுக்கும் நான்கு தடவை அதிகம் ஒட்டும். வாசிக்கும்போது தெரிவதுபோல் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான், வாய்க்குத் தெரிந்ததாக ஆகாது.

இன்னொன்று, தினமும் முதல் பாசுரத்திலிருந்தே தொடங்காதீர்கள். அப்படிச் செய்தால் முதல் ஐந்து தேனாக இருக்கும், இருபதுக்கு மேல் பச்சையாகவே இருக்கும். ஒன்றிலிருந்து முப்பது வரை சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டு, வருகிற எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பதினான்கு வந்தால் பதின்மூன்றைத் தொடாமல் நேரே குளக்கரையில் போய் நிற்க வேண்டும். அப்படி நிற்க முடிந்தால்தான் அந்தப் பாசுரம் வந்துவிட்டது என்று பொருள். துணி மடித்துக்கொண்டே சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள்.

மேடையில் மறந்துவிட்டால்? முதல் அடிக்குத் திரும்பிப் போகக் கூடாது. அந்தக் கவளத்தின் தொடக்கத்துக்கு மட்டும் போக வேண்டும். நான்காம் பாசுரத்தில் சங்கு வராவிட்டால், கை வரைக்கும்தான் பின்னே போக வேண்டும், கடல் வரைக்கும் போக வேண்டியதில்லை. இதையும் வீட்டிலேயே பழக்க வேண்டும். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "இப்ப எந்தக் கவளம்?" என்று கேளுங்கள்.

பத்து நாள் கழித்து அந்தக் குழந்தை போன் செய்தாள். நான்காவதைச் சொல்லிக் காட்டினாள். மூன்றாவது கவளத்தில் அவள் குரல் சற்று நடுங்கியது, கூடவே வளையல் சத்தமும் கேட்டது. வலது கை, இடது கை. பிறகு அவளே சொன்னாள்: "பாட்டி, அம்மா கை ஆட்டாம சொல்லணுமாம். ஆட்டாம சொன்னாலும் உள்ளுக்குள்ள ஆடுது." இப்போது ஒன்பதாவது வீட்டில் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

அவள் இருபத்தொன்பதுக்கு வரும்போது என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாசுரத்தில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. விளக்கு இல்லை, குளம் இல்லை, மேகமும் இல்லை. முழுக்க முழுக்க வேண்டுதல். விடியலில் வந்தோம், எதற்கென்று கேள், மாடு மேய்க்கும் குலத்தில் பிறந்த நீ எங்கள் பணியை மறுக்கக் கூடாது, இன்றைக்கு மட்டும் கேட்கவில்லை, எத்தனை பிறவிக்கும் உனக்கே உறவாக வேண்டும், வேறு ஆசைகளை மாற்றிவிடு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறிப் போகிறது. காட்சி மெலிந்த அந்தப் பாசுரத்தில்தான் எட்டு அடிக்கும் இரண்டாம் எழுத்து றகர ஒற்றாக, இடைவிடாமல் நிற்கிறது. விடியல், இன்று, என்றென்றும் என்று காலம் படியேறுவதை ஒரு பிடியாகவும், எதுகையை இன்னொரு பிடியாகவும் வைத்துத்தான் நான் அதைச் சொல்கிறேன். பத்து வயதுக் குழந்தைக்கு அது போதுமா என்று தெரியவில்லை. அந்தப் பாசுரத்துக்கு உங்கள் வீட்டில் என்ன படம் வைத்திருக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள். அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்